கேசட் எண் 14: லேபிளில் 87, ஒலியில் வேறு காலம்

பின்னணி

காவிரி டெல்டாவின் கீழ்ப்பகுதியில் ஒரு சிற்றூர். அங்குள்ள படிப்பகத்தோடு சேர்ந்து சிறிய ஒலிக்காப்பகம் ஒன்று இயங்குகிறது. அதன் பெரும்பகுதி வீட்டில் பதிந்த கேசட்டுகள்தான். வானொலியில் வந்த வேளாண் உரை, நாடகம், கச்சேரி, தேர்தல் முடிவு என்று கையில் டேப் ரெக்கார்டர் இருந்தவர்கள் பிடித்து வைத்தவை. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. டெல்டா விவசாயிக்கு அந்த நாளில் அதுதான் நெருங்கிய நிலையம். 1960களில் வந்த ஆடுதுறை 27 நெல்லுக்குத் தஞ்சைப் பக்கம் ‘ரேடியோ நெல்’ என்று பெயர் விழுந்ததே வானொலி வழியாக அது பரவியதால்தான். ஆகவே வேளாண் உரைகளைப் பதிந்து வைத்த வீடுகள் இந்தப் பக்கம் நிறைய.

இந்தக் கேசட்டுகளைக் கேட்டுச் சுருக்கம் எழுதத் தன்னார்வலர்கள் உண்டு. இங்கே பேசப்படுபவர் அவர்களில் ஒருவர். நாற்பதைத் தாண்டிய பெண், வீட்டில் தையல் வேலை, பிளஸ் டூ வரை படிப்பு. கேட்கும் காது கூர்மை, கையெழுத்தும் தெளிவு. டவுனில் வளர்ந்தவர் என்பதால் வயல் வேலையை நேரில் பார்த்த பழக்கம் குறைவு. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கிறது.

வேலை முறை எளிது. காப்பகத்தில் கேசட்டை டெக்கில் ஓடவிட்டு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் மூலக்கோப்பு எடுக்கிறார்கள். அதிலிருந்து சிறிய எம்பி3 நகல் ஒன்று பென் டிரைவில் தன்னார்வலர் வீட்டுக்குப் போகும். அவர் கேட்டு, ஒரு பக்கத்துக்கு முந்நூறு சொல்லுக்குள் சுருக்கம் எழுதி அனுப்புவார். காலம், பேசுபவர், பொருள், இடம் என்று நான்கு கட்டங்கள் தனியாக உண்டு.

கேசட் வந்த நிலை

ஒரு விவசாயி வீட்டுப் பரணிலிருந்து வந்த பெட்டியில் பதினேழு கேசட்டுகள் இருந்தன. பதினான்காவது ஒரு சி-90, பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டில் ஈரப்பூஞ்சை. உள்ளே டேப்பைத் தலையோடு அழுத்தும் சின்னத் திண்டு பிய்ந்திருந்ததால் டேப்பை வேறு ஓட்டுக்கு மாற்றிய பிறகே ஓட்டினார்கள். அட்டையில் நீல மையில் ‘விவசாயம், குறுவை 87’ என்று எழுதியிருந்தது. ஓட்டின் மேல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் தாழ்கள் இரண்டும் உடைபடாமல் இருந்தன. தாழ் உடைபடவில்லை என்றால் அந்தக் கேசட்டில் மேலே மேலே பதியலாம். அந்தத் தகவலை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

முதல் சுருக்கம்

‘ஏ’ பக்கத்தைத் தன்னார்வலர் ஒரே மாலையில் முடித்தார். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டிருக்கிறார். சுருக்கம் ஒழுங்காகவே இருந்தது. காலம்: 1987, குறுவை. இடம்: நாகை மாவட்டம். பொருள்: குறுவை நாற்றங்கால் தயாரிப்பு, விதை நேர்த்தி, உரம், அறுவடைக்குப் பின் நெல்லைக் காயவைக்கும் முறை. உரப் பகுதியில் ஒரு வரி: ‘துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 25 கிலோ, 50 கிலோ மணலுடன் கலந்து இட வேண்டும்.’

இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். இருவரும் எழுத்துப்பிழையைத்தான் பார்த்தார்கள், ஒலியை யாரும் திறக்கவில்லை. சுருக்கம் பட்டியலில் ஏறியது.

பிழை வெளிப்பட்ட விதம்

ஏழெட்டு வாரத்துக்குள் இரண்டு கேள்விகள் தனித்தனியாக வந்தன.

முதலாவது, வரலாறு படிக்கும் மாணவர் ஒருவரிடமிருந்து. ‘1987இல் நாகை மாவட்டமே கிடையாதே, எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம்தானே?’ என்று கேட்டிருந்தார். சரியான கேள்வி. தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1991 அக்டோபரில்தான்.

இரண்டாவது, படிப்பகத்துக்குத் தினமும் பேப்பர் படிக்க வரும் ஒரு பெரியவரிடமிருந்து. ஒரு கண்காட்சிக்காகச் சுருக்கங்களிலிருந்து எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் உர வரியைப் படித்தவர், பொறுப்பாளரைக் கூப்பிட்டார்.

“ஏக்கருக்கு இருவத்தஞ்சு கிலோ ஜிங்க்குன்னு யாருப்பா சொன்னா? நாங்க பத்து கிலோதான் போடுவோம். வயலை என்ன கொல்லவா போறீங்க?”

தாள் அன்றே சுவரிலிருந்து எடுக்கப்பட்டது. தன்னார்வலரிடம் ஒலியைத் திரும்பக் கேட்கச் சொன்னார்கள். ‘தப்பு’ என்று சொல்லி அனுப்பவில்லை. அட்டையைப் பார்க்காமல், சுருக்கத்தையும் பார்க்காமல், இயல்பான வேகத்தில் கேளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். இந்த ஒரு முடிவால்தான் பின்வருவதெல்லாம் கிடைத்தது.

மறுபடி கேட்டபோது: ஒட்டு

இந்த முறை 31ஆவது நிமிடத்தில் அவர் நின்றார். குறிப்பில் எழுதியது: ‘31:04, டக் என்று ஒரு சத்தம், உடனே அரை நொடிக்கும் குறைவாக வெறுமை, பிறகு வேறு ஆள் பாதி வாக்கியத்திலிருந்து பேசுகிறார். பின்னால் கேட்கும் இரைச்சலும் மாறிவிட்டது.’ முதல் தடவை அதை அடுத்த பேச்சாளர் தொடங்கியதாக எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஆண் குரல், இரண்டும் வேளாண்மை. ஒன்றரை மடங்கு வேகத்தில் அந்த வெறுமை இன்னும் சுருங்கிப் போயிருக்கும்.

அந்த வெறுமை ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த தடவை ஏமாற வேண்டியதில்லை. கேசட் ரெக்கார்டரில் டேப் முதலில் அழிப்புத் தலையைக் கடந்து, பிறகே பதிவுத் தலைக்கு வருகிறது. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. பழைய பதிவின் மேல் புதிதாகப் பதிந்துகொண்டிருப்பவர் ‘ஸ்டாப்’ அழுத்தும்போது, அழிப்புத் தலையைக் கடந்து பதிவுத் தலையை இன்னும் எட்டாத துண்டு ஒன்று நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதில் பழைய ஒலியும் இல்லை, புதிய ஒலியும் இல்லை. அதைத் தாண்டியதும் பழைய பதிவு பாதி வாக்கியத்திலிருந்து தலைகாட்டும். புதிய பதிவின் தொடக்கத்தில் இப்படி வெறுமை இருக்காது. மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் பதிந்த முதல் எழுத்து கீச்சென்று ஒலித்து இறங்குவதாக மட்டும் கேட்கலாம். ஆகவே ‘டக், வெறுமை, பாதி வாக்கியம்’ என்ற வரிசை வந்தால் அது மேற்பதிவு முடிந்த இடம், அதாவது ஒட்டு. வானொலியில் இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே வரும் இடைவெளி இப்படி இருக்காது. அங்கே அறிவிப்பாளர் வருவார், இசைத்துணுக்கு வரும், வாக்கியம் முழுதாகத் தொடங்கும்.

காப்பகத்தில் இதை Audacity மென்பொருளில் சரிபார்த்தார்கள். ஒட்டுக்கு முன்னும் பின்னும் பேச்சில்லாத துண்டுகளைத் தேர்ந்து `Analyze > Plot Spectrum` திறந்து, `Size` அளவை `65536` ஆக வைத்தால், மின்சார முரலொலி கூரான முகடாகத் தெரியும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் அதன் இரட்டிப்பு 100இல் இருக்கும். சிறு வேறுபாட்டைக் காண இரட்டிப்பே வசதி. ஒட்டுக்கு முந்தைய பகுதியில் அது கிட்டத்தட்ட 100இல் இருந்தது. பிந்தைய பகுதியில் 97.

இங்கே ஒரு சறுக்கல் நடக்கப் பார்த்தது. முரலொலி 97 என்றால் பிந்தைய பகுதி மூன்று சதவீதம் மெதுவாக ஓடுகிறது, வேகத்தைக் கூட்டிச் சரிசெய்து விடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்த உத்தி உண்டு. ஆனால் அந்த நாளைய நம் மின்தொகுப்பு 50இல் நிலையாக நின்றதில்லை; பற்றாக்குறை நேரத்தில் 48.5 வரை இறங்குவது சாதாரணம். தென்மண்டலத்தில் அது கட்டுக்குள் வரத் தொடங்கியதே 2003க்குப் பிறகு. 48.5இன் இரட்டிப்பு 97தான். எனவே அந்த எண் ரெக்கார்டர் வேகமாக ஓடியதைக் காட்டலாம், அன்று மின்சாரம் தளர்ந்திருந்ததையும் காட்டலாம். இரண்டு பகுதியும் வெவ்வேறு வேளையில் பதிந்தவை என்பதற்குத் துணையாக மட்டும் அதை எடுத்துக்கொண்டு, வேகத்தைத் தொடாமல் விட்டார்கள். குரல் சற்றுத் தடித்துக் கேட்கிறது என்ற குறிப்பு மட்டும் சேர்ந்தது.

எது எந்தக் காலம்

ஒட்டுக்கு முந்தைய 31 நிமிடத்தில் 04:12இல் அறிவிப்பாளர் சொல்வது ‘நாகை காயிதே மில்லத் மாவட்டம்’. முதல் சுருக்கத்தில் தன்னார்வலர் இதை ‘நாகை மாவட்டம்’ என்று சுருக்கிவிட்டிருந்தார். சுருக்கம் எழுதுகிற யாரும் செய்வதுதான். ஆனால் தேதி சொல்லும் துப்பு அந்த நடுச்சொற்களில்தான் இருந்தது. மாவட்டம் அந்தப் பெயரில் 1991 அக்டோபரில் உருவானது. மாவட்டங்களுக்குச் சூட்டிய தலைவர்கள் பெயர்கள் 1997இல் நீக்கப்பட்டன. அதே அறிவிப்பில் திருவாரூர் வட்டமும் நாகையின் கீழ் வருகிறது. திருவாரூர் தனி மாவட்டமானது 1997 ஜனவரியில். பேச்சு குறுவை விதைப்பைப் பற்றியது, அதாவது ஜூனை ஒட்டிய நாட்கள். ஆகவே 1992 முதல் 1996 வரையிலான ஐந்து குறுவைகளில் ஒன்று. அதற்கு மேல் ஒலியில் எதுவும் இல்லை.

ஊர்ப்பெயரை வைத்துத் தேதி சொல்லும் முயற்சியும் நடந்தது. உரையில் ‘மயிலாடுதுறை’ என்று வருகிறது. மாயூரம் அதிகாரப்பூர்வமாக மயிலாடுதுறை ஆனது 1982இல். ஆனால் தேவாரத்திலேயே இருக்கும் பெயர் அது. 1982க்கு முன்பும் ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். பின்பும் பலர் மாயவரம் என்றுதான் சொல்கிறார்கள். ஊர்ப்பெயர் பேசுபவரின் பழக்கத்தைக் காட்டும், தேதியைக் காட்டாது. அலுவலக மாவட்டப் பெயர் அப்படியல்ல. அறிவிப்பாளர் தாளைப் பார்த்துப் படிக்கிறார்.

ஒட்டுக்குப் பிந்தைய பதினான்கு நிமிடத்தில் தஞ்சை மாவட்டம் என்று மட்டும் வருகிறது, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். என்று ஓரிடத்தில் நிகழ்காலத்தில் சொல்கிறார்கள். அவர் மறைந்தது 1987 டிசம்பர் 24. பேச்சு அறுவடை செய்த குறுவை நெல்லைக் காயவைப்பது பற்றி. அட்டையில் எழுதியிருந்த ‘குறுவை 87’ இதற்குப் பொருந்துகிறது. அட்டை பொய் சொல்லவில்லை. முதலில் பதிந்த நிகழ்ச்சிக்கு எழுதிய அட்டை, மேலே வேறொன்று பதிந்த பிறகும் அப்படியே இருந்துவிட்டது.

ஏக்கரா, எக்டரா

உர வரி 11:38இல் வருகிறது. தன்னார்வலர் அதை முப்பது தடவைக்கு மேல் கேட்டார், வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்தும் கேட்டார். ‘ஏக்கருக்கு’, ‘எக்டருக்கு’ இரண்டுக்கும் வேறுபாடு முதல் எழுத்தின் நீளமும் நடுவில் வரும் ஒரு ‘ட’வும்தான். இரைச்சலில் முதலில் கரைவது அப்படிப்பட்ட சிறு ஒலிகளே. வரியை மட்டும் வெட்டி மூன்று பேருக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டினார்கள். இருவர் ஏக்கர் என்றனர், ஒருவர் எக்டர் என்றார். இரைச்சல் நீக்கும் கருவியை ஓட்டிய நகலில் மூவருமே ஏக்கர் என்றனர். அந்தக் கருவி இரைச்சலோடு ‘ட’வின் மிச்சத்தையும் தின்றிருக்கலாம் என்பதால் அந்த நகல் ஒதுக்கப்பட்டது.

மணலின் அளவும் உதவவில்லை. எக்டருக்கு 25 கிலோவுக்கு 50 கிலோ மணல் என்றால், ஏக்கருக்கு 10 கிலோவுக்கு 20 கிலோ. விகிதம் ஒன்றுதான்.

கடைசியில் தன்னார்வலர் பெரியவரையே அழைத்துவந்து முழு உரையையும் கேட்க வைத்தார். 07:50இல், உர வரிக்கு நான்கு நிமிடம் முன்பாக, பேச்சாளர் நாற்றங்காலைப் பற்றிச் சொல்கிறார்: இருபது சென்ட், அறுபது கிலோ விதை. பெரியவர் கையை உயர்த்தினார்.

“நிறுத்தும்மா அங்க. இருவது சென்ட்டுல அறுவது கிலோ வெதன்னா, அந்த நாத்து எவ்வளவுக்குக் காணும்?”

“எனக்கு எப்படிங்க ஐயா தெரியும்?”

“ரெண்டரை ஏக்கருக்கு. ஒரு ஏக்கருக்கு எட்டு சென்ட் போதும். அவரு எக்டர் கணக்குலதான் பேசிக்கிட்டிருக்காரு.”

கணக்கு நேராக விழுகிறது. ஒரு எக்டர் 2.47 ஏக்கர், குறுகிய கால நெல்லுக்கு எக்டருக்கு 20 சென்ட் நாற்றங்கால், 60 கிலோ விதை என்பதும், எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்பதும் அறிந்த பரிந்துரைகள்தான். நாற்றங்காலை எக்டர் அளவில் சொன்னவர் நான்கு நிமிடத்துக்குள் ஏக்கருக்குத் தாவியிருக்க வாய்ப்பு குறைவு.

எடுத்த முடிவுகள்

முதல் விவாதம் உர வரியைப் பற்றியே. ‘எக்டருக்கு 25 கிலோ’ என்று திருத்தி எழுதிவிட்டால் போதும் என்றனர் சிலர். தன்னார்வலர் மறுத்தார். பேச்சாளர் வாய்தவறி ஏக்கர் என்றே சொல்லியிருக்கவும் கூடும். சரியான வேளாண்மை எதுவோ அதை எழுதுவது சுருக்கம் ஆகாது, ஒலியில் இருப்பதை எழுதுவதுதான் தன் வேலை என்றார். அவர் சொன்னதே நிலைத்தது. பதிவு இப்படி ஆனது:

> 11:38 துத்தநாக சல்பேட் 25 கிலோ, 50 கிலோ மணலுடன். அலகு தெளிவாகக் கேட்கவில்லை (ஏக்கர் / எக்டர்). 07:50இல் வரும் நாற்றங்கால் அளவோடு ஒப்பிட்டால் எக்டர் என்று ஊகிக்கலாம்.

இரண்டாவது, ஒரு பக்கத்துக்கு ஒரு சுருக்கம் என்ற விதியைக் கைவிட்டார்கள். பக்கத்தில் எத்தனை பதிவு இருக்கிறதோ அத்தனை சுருக்கம். கோப்பை வெட்டவில்லை, `KV-014-A.wav` ஒன்றாகவே இருக்கிறது, பட்டியலில் 00:00–31:04, 31:04 முதல் முடிவு வரை என்று இரண்டு வரிகள். வெட்டினால் ஒட்டு போய்விடும்; ஒட்டுதான் சான்று.

மூன்றாவது, காலக் கட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, அட்டையில் எழுதியிருப்பது, எழுதியபடியே. மற்றது, ஒலியிலிருந்து தெரிவது, எந்த நிமிடத்தில் எந்தச் சொல்லால் என்பதோடு. இரண்டும் முரண்பட்டால் முரணோடு விடுவது.

கேசட் கொடுத்த வீட்டாரிடம் மேற்பதிவு எந்த ஆண்டு என்று கேட்டபோது, மகள் ‘தொண்ணூத்தி நாலா இருக்கும், எங்க கல்யாணத்துக்கு அடுத்த வருஷம்’ என்றார். அதைக் காலக் கட்டத்தில் சேர்க்கவில்லை. குடும்பத்தார் நினைவு என்று தனியாகக் குறித்து வைத்தார்கள். ஐந்தில் ஒன்றாக இருக்கும் விடையை ஒருவர் நினைவை வைத்து ஒன்றாக்கிவிட்டால், அடுத்து வருபவர் அதை நிறுவப்பட்ட தேதியாக எடுத்துக்கொள்வார்.

பின்னர் நடந்தது

அதே பெட்டியின் மற்றப் பதினாறு கேசட்டுகளையும் தன்னார்வலரே திரும்பக் கேட்டார். ஐந்தில் ஒட்டுகள் இருந்தன. ஒன்றில் வேளாண் உரைக்கு அடியிலிருந்து நாதஸ்வரக் கச்சேரியின் கடைசி ஆறு நிமிடம் வெளிப்பட்டது. யார் வாசிப்பு என்று அறிவிப்பு வருவதற்குள் டேப் முடிந்துவிடுகிறது. அதற்கான பதிவில் கலைஞர் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கிறது.

வேலை மெதுவானது. முன்பு ஒரு பக்கத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தவருக்கு இப்போது மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஆகிறது. மாதத்துக்கு எட்டுப் பக்கம் என்று வைத்திருந்த இலக்கை மூன்றாகக் குறைத்தார்கள். இரண்டு தன்னார்வலர்கள் இந்த மாற்றம் பிடிக்காமல் விலகினார்கள். அவர்கள் கோணத்தில் பார்த்தால் நியாயமும் இருக்கிறது, ஐந்நூறு கேசட் காத்திருக்கும்போது ஒன்றை முப்பது தடவை கேட்பது வீண் என்றே தோன்றும்.

பெரியவர் இப்போது வாரம் ஒரு நாள் வந்து வேளாண் உரைகளின் சுருக்கத்தைப் படிக்கக் கேட்கிறார். எண் வரும் இடங்களில் மட்டும் ஒலியைப் போட்டுக் காட்டச் சொல்வார்.

இன்னொரு முறை என்றால்

கேசட் கைக்கு வந்த அன்றே தாழ் உடைந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்திருந்தால், மேற்பதிவு இருக்கக்கூடும் என்று முதல் கேட்பிலேயே காது தயாராக இருந்திருக்கும். அட்டையின் படத்தைத் தன்னார்வலருக்கு ஒலியோடு சேர்த்து அனுப்பியிருக்கக் கூடாது; முதல் சுருக்கம் வந்த பிறகு அனுப்பியிருக்கலாம். ஒப்புதல் தருபவர்களில் ஒருவராவது எண் வரும் மூன்று இடங்களைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். இப்போது அந்த மூன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

கண்காட்சித் தாள் திரும்ப ஒட்டப்படவில்லை. பழைய உரையின் உர அளவைச் சுவரில் ஒட்டினால் யாராவது அதைப் பார்த்து வயலில் போட்டுவிடக் கூடும் என்று பெரியவர் சொன்னதை ஏற்று, வேளாண் உரைகளின் அளவுகள் காப்பகத்துக்கு வெளியே போகும் தாள்களில் வருவதில்லை.